எல்லா ஆப்ஷனும் சரிபோலத் தெரிகிறதா? கோடிட்ட இடத்தை நிரப்ப ஒரு வழி

கீழே மூன்று வாக்கியங்கள். மூன்றுக்கும் ஆப்ஷன்கள் ஒன்றேதான்: யாரும், யாரோ, யாராவது.

கதவை ______ தட்டுகிறார்கள், போய்ப் பார்.
கதவை ______ தட்டினால் திறக்காதே.
நேற்று முழுவதும் கதவை ______ தட்டவில்லை.

வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் யோசிக்காமலே யாரோ, யாராவது, யாரும் என்று எழுதிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள். தமிழைப் புதிதாகப் படிப்பவருக்கு அந்தக் காது இன்னும் வரவில்லை. பேசத் தெரிந்தும் இலக்கணப் பயிற்சியை முதன்முறை எழுதுகிறவருக்கோ, பேச்சில் எல்லாம் ஓடுவதால் தாளில் எல்லாமே சரிபோலத் தெரிகிறது. இரண்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். ஒவ்வொரு ஆப்ஷனையும் கோட்டில் வைத்து, வாக்கியத்தைத் தலையிலிருந்து வாசித்து, எது நன்றாக ஒலிக்கிறது என்று பார்க்கிறார்கள். மூன்றாவது ஆப்ஷனுக்கு வருவதற்குள் முதலாவதும் நன்றாக ஒலிக்க ஆரம்பித்துவிடும்.

மூன்று வாக்கியங்களையும் மறுபடி பாருங்கள். கோட்டுக்கு முன்னால் எல்லாவற்றிலும் ‘கதவை’தான். வேறுபாடு கோட்டுக்குப் பின்னால் வரும் வினையில் இருக்கிறது: தட்டுகிறார்கள், தட்டினால், தட்டவில்லை. தமிழில் வினை கடைசியில் வரும். முன்னால் வரும் சொற்களில் பெரும்பாலானவை எந்த வடிவில் வர வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அதனால் கோட்டையும் ஆப்ஷன்களையும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, வாக்கியத்தைப் பின்னாலிருந்து வாசிக்க வேண்டும்.

முதல் படி: ஆப்ஷன்களைக் கையால் மூடுங்கள், வினையைக் கண்டுபிடியுங்கள்

ஆப்ஷன்களை மூடச் சொல்வது விளையாட்டுக்கு அல்ல. அவற்றை முதலிலேயே பார்த்துவிட்டால் கண் அங்கேயே நின்றுவிடும். வாக்கியத்தின் கடைசிக்குப் போய் வினையைப் பிடித்து, அதனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நடந்ததைச் சொல்கிறதா, நடக்கலாம் என்கிறதா? உடன்பாடா, எதிர்மறையா? செய்தியா, கேள்வியா, கட்டளையா?

மேலே உள்ள மூன்றையும் இப்படிக் கேட்டால் விடை தானாக விழும். ‘தட்டுகிறார்கள்’ என்பது கண்ணெதிரே நடக்கும் விஷயம். தட்டுகிறவர் ஒருவர் இருப்பது உறுதி, அவர் யார் என்பதுதான் தெரியவில்லை. அங்கே ‘யாரோ’. ‘தட்டினால்’ என்பது இன்னும் நடக்கவில்லை. ஆளே இல்லாமலும் போகலாம். அங்கே ‘யாராவது’. கேள்விக்கும் இதேதான்: யாராவது வந்தார்களா? ‘தட்டவில்லை’ என்பது எதிர்மறை. அங்கே ‘யாரும்’.

ஏதோ, ஏதாவது, எதுவும் என்ற கூட்டமும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகும். எங்கோ, எங்காவது, எங்கும், எப்போதோ, எப்போதாவது, எப்போதும் என்று வரும்போது மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘எங்கும்’, ‘எப்போதும்’ ஆகிய இரண்டும் உடன்பாட்டு வினையோடும் இயல்பாக வரும். ‘எங்கும் தண்ணீர் நிற்கிறது’, ‘அவள் எப்போதும் சிரிப்பாள்’ என்கிறோம். ‘உம் வந்தால் எதிர்மறை’ என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டுவார்கள். ‘யாரும்’ என்பதற்கும் ஒரு விலக்கு உண்டு. ‘இந்தப் போட்டியில் யாரும் கலந்துகொள்ளலாம்’ என்ற வாக்கியத்தில் எதிர்மறை இல்லை, ஆனாலும் சரி. வினையில் அனுமதி தரும் ‘லாம்’ இருப்பதுதான் காரணம்.

இன்னொன்று, சற்று நுட்பமானது. ‘விருந்துக்கு ______ வரவில்லை; பாதிப்பேர்தான் வந்திருந்தார்கள்.’ ஆப்ஷன்கள் யாரும், எல்லாரும். ‘வரவில்லை’ என்ற எதிர்மறையைப் பார்த்ததும் ‘யாரும்’ என்று கை போகும். ஆனால் பாதிப்பேர் வந்திருக்கிறார்களே! எனவே ‘எல்லாரும் வரவில்லை’ என்பதுதான் பொருந்தும். அரைப்புள்ளியோடு நிற்காமல் வாக்கியத்தின் உண்மையான கடைசிவரை போக வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இரண்டாம் படி: வினை எந்த வேற்றுமையைக் கேட்கிறது?

ஒரே பெயர்ச்சொல் நான்கு உருபுகளோடு ஆப்ஷன்களில் வரும் கேள்விகள் எல்லாத் தாள்களிலும் உண்டு. பேரனை, பேரனுக்கு, பேரனிடம், பேரனோடு. வேற்றுமைப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களும் இதில் தவறுகிறார்கள். ஏனென்றால் பட்டியல், எந்த உருபுக்கு என்ன பொருள் என்று சொல்கிறது. கேள்வியோ, இந்த வினை எந்த உருபோடு வரும் என்று கேட்கிறது. ஆகவே வினைகளை அவற்றின் உருபுகளோடு சேர்த்தே மனத்தில் வைப்பது நல்லது. ‘தெரியும்’ என்று தனியாகப் படிக்காமல் ‘எனக்குத் தெரியும்’ என்று படியுங்கள்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது மூன்று வினைகளில்: தெரியும், முடியும், வேண்டும். பார்க்க ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தாலும் மூன்றும் மூன்று விதம். எனக்குத் தெரியும், என்னால் முடியும். ‘வேண்டும்’ இரண்டு வகையாக வரும். பொருளைக் கேட்டால் ‘எனக்குப் பணம் வேண்டும்’. செயலைச் சொன்னால் ‘நான் போக வேண்டும்’. ‘______ இன்று ஊருக்குப் போக வேண்டும்’ என்ற கேள்வியில் நான், எனக்கு, என்னால் என்று ஆப்ஷன்கள் இருந்தால், ‘வேண்டும்’ என்ற சொல்லோடு நின்றுவிடக் கூடாது. அதற்கு முன்னால் ‘போக’ என்று செயல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிறது, ஆகவே ‘நான்’. ‘முடியும்’ என்பதற்கும் ஒரு எச்சரிக்கை: ‘கூட்டம் ஆறு மணிக்கு முடியும்’ என்பதில் அது ஆற்றலைக் குறிக்கவில்லை, முடிவைக் குறிக்கிறது. அங்கே ‘ஆல்’ தேடாதீர்கள்.

‘சேர்’ என்ற வினை இன்னும் சுவாரசியம். அவள் கல்லூரியில் சேர்ந்தாள். படகு கரையைச் சேர்ந்தது. தோழிகளோடு சேர்ந்து பாடினாள். கடிதம் எனக்கு வந்து சேர்ந்தது. நான்கும் சரியான தமிழ், நான்கிலும் உருபு வேறு. இங்கே வினை மட்டும் போதாது. யார் அல்லது எது சேர்கிறது, எதில் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உறுப்பினராக நுழைந்தால் ‘இல்’. பயணம் போய் ஓரிடத்தை அடைந்தால் ‘ஐ’. கூட இருந்தால் ‘ஓடு’. வந்து கிடைத்தால் ‘கு’.

இப்போது ‘கொடு’. இதுதான் உண்மையிலேயே இரண்டு விடைகள் சரியாகத் தோன்றும் இடம், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். 

அப்பா எனக்குப் பணம் கொடுத்தார்.
அப்பா என்னிடம் பணம் கொடுத்தார்.

இரண்டும் தப்பில்லாத வாக்கியங்கள். ஆனால் முதல் வாக்கியத்தில் பணம் என்னுடையதாகிவிட்டது, செலவு செய்யலாம். இரண்டாவதில் பணம் என் கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கடைக்காரரிடம் சேர்க்கவோ, பத்திரமாக வைத்திருக்கவோ கொடுத்திருப்பார். நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் தரும் பொருள்களில் முதலில் நிற்பது கொடைதான். அவை எல்லாவற்றையும் ‘இதற்கு இது’ என்ற ஒரே உறவுக்குள் அது அடக்கிவிடுகிறது. ‘இடம்’ ஏழாம் வேற்றுமை, அது இருக்கும் இடத்தைச் சொல்கிறது. அதனால் இப்படிப்பட்ட கேள்வியில் வாக்கியத்துக்குள் ஒரு துப்பைத் தேடுங்கள். ‘பிறந்தநாள் பரிசாக’ என்று இருந்தால் ‘எனக்கு’. ‘மாமாவிடம் சேர்க்கச் சொல்லி’ என்று இருந்தால் ‘என்னிடம்’. எந்தத் துப்பும் இல்லாமல் இரண்டு ஆப்ஷனையும் கொடுத்திருந்தால் கேள்விதான் அரைகுறை. அதற்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

சில கேள்விகளில் நிலைமை தலைகீழாக இருக்கும். உருபு வாக்கியத்திலேயே இருக்கும், வினை கோட்டில் இருக்கும். ‘ஆசிரியர் விடைத்தாள்களைத் ______.’ திருந்தினாரா, திருத்தினாரா? ‘விடைத்தாள்களை’ என்பதில் உள்ள ‘ஐ’ ஒரு செயப்படுபொருள் இருக்கிறது என்கிறது. ‘திருந்து’ செயப்படுபொருளை ஏற்காது. அவன் திருந்தினான், அவ்வளவுதான். ‘திருத்து’ ஏற்கும். பந்து உருண்டது, பந்தை உருட்டினான் என்பதும் இதே கதை. திருந்து, திருத்து போன்ற ஜோடிகளில் மெல்லின ஒற்று, வல்லின ஒற்று என்ற ஓர் எழுத்து வித்தியாசத்தில் தன்வினை பிறவினையாகிறது. அவசரமாக வாசித்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

மூன்றாம் படி: வாக்கியத்தில் இரண்டு வினைகள் இருந்தால்

மழை ______, ஆட்டம் நின்றது.

ஆப்ஷன்கள்: பெய்தால், பெய்ததால், பெய்தும், பெய்தாலும்.

‘பெய்தால்’, ‘பெய்ததால்’ இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ‘த’தான் வேறுபாடு. ஆனால் உள்ளே அமைப்பே வேறு. ‘பெய்ததால்’ என்பது ‘பெய்தது’ என்பதோடு ‘ஆல்’ சேர்ந்தது. நடந்த ஒன்றைக் காரணமாகக் காட்டுகிறது. ‘பெய்தால்’ நிபந்தனை, பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். கடைசி வினை ‘நின்றது’ என்று இறந்தகாலத்தில் இருக்கிறது. ஆட்டம் நின்றே விட்டது, ஆகவே காரணமும் நடந்து முடிந்ததுதான். விடை ‘பெய்ததால்’.

கடைசி வினையை மட்டும் மாற்றிப் பாருங்கள். ‘ஆட்டம் நிற்கும்’ என்றால் ‘பெய்தால்’. ‘ஆட்டம் நிற்காது’ என்றால் ‘பெய்தாலும்’. ‘ஆட்டம் நிற்கவில்லை’ என்றால் ‘பெய்தும்’. கோட்டுக்கு முன்னால் ஒரு எழுத்துகூட மாறவில்லை, விடை மூன்று முறை மாறிவிட்டது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, ‘மழை பெய்’ என்பதற்குப் பதில் ‘பேருந்து வந்’, ‘மணி அடித்’ என்று வேறு வினைகளைப் போட்டுப் பார்த்தால் அமைப்பு கைவந்துவிடும்.

எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்தால் ‘உம்’ வரும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதில் ‘பெய்தும்’ நடந்துவிட்ட மழையைச் சொல்கிறது, ‘பெய்தாலும்’ பெய்யக்கூடிய மழையைச் சொல்கிறது. ‘மழை பெய்தாலும் ஆட்டம் நிற்கவில்லை’ என்று பலரும் எழுதுகிறார்கள், படிப்பவருக்குப் புரியவும் செய்கிறது. ஆனால் தேர்வில் இரண்டும் ஆப்ஷன்களாக இருந்து கடைசி வினை இறந்தகாலமாக இருந்தால் ‘பெய்தும்’ என்பதையே எடுங்கள்.

தனித்தனி வாக்கியங்களை இணைக்கும் சொற்களுக்கு வரலாம். ஆகவே, ஆனால், ஏனெனில் போன்றவை. இங்கே வேலை செய்வது ஒரே சோதனைதான்: எது முதலில் நடந்தது?

கடைத்தெருவில் கூட்டமே இல்லை. ______ கடைகள் சீக்கிரமே மூடப்பட்டன.

‘ஆகவே’ போட்டாலும் சரி, ‘ஏனெனில்’ போட்டாலும் சரி என்று தோன்றும். கூட்டம் இல்லாததால் மூடினார்களா, மூடியதால் கூட்டம் இல்லையா? வினையின் வடிவம் சொல்கிறது. ‘மூடப்பட்டன’ என்று நேராக வந்தால் கதை முன்னோக்கி நகர்கிறது. கூட்டமில்லை, பிறகு மூடினார்கள். ‘ஆகவே’ பொருத்தம். ‘மூடப்பட்டிருந்தன’ என்று இருந்தால், பார்க்கும்போதே மூடிக் கிடந்தன என்று பொருள். காரணம் பின்னால் சொல்லப்படுகிறது. அங்கே ‘ஏனெனில்’. சந்தேகம் இருந்தால் இரண்டு வாக்கியங்களையும் இடம் மாற்றி நடுவில் ‘அதனால்’ போடுங்கள். மாற்றிய பிறகு கதை ஒழுங்காக ஓடினால் கோட்டில் வர வேண்டியது ‘ஏனெனில்’.

ஆப்ஷன்களில் ஆகவே, எனவே, ஆகையால் என்று ஒரே வேலை செய்யும் சொற்கள் இரண்டு மூன்று கிடந்தால் சந்தோஷப்படலாம். ஒரே விடைதான் சரி என்றால், ஒன்றுக்குப் பதில் ஒன்றை வைக்கக்கூடிய அவை எல்லாமே விடையாக இருக்க முடியாது. மிச்சம் இருப்பதுதான் விடை. இது இலக்கணம் இல்லை, தேர்வு எழுதும் சாமர்த்தியம். ஆனாலும் பலமுறை கைகொடுக்கும்.

நான்காம் படி: பக்கத்து எழுத்தைப் பாருங்கள்

சில விடைகளுக்கு வினைவரை போகவே வேண்டாம். ஒரு, ஓர் இரண்டில் எது என்பதை அடுத்த சொல்லின் முதல் எழுத்து சொல்லிவிடும்: உயிரெழுத்தில் தொடங்கினால் ஓர், இல்லாவிட்டால் ஒரு. கவனிக்க வேண்டியது, ஒட்டி நிற்கும் சொல்லை. ‘ஓர் ஊர்’ சரி, ஆனால் ‘ஒரு சிறிய ஊர்’. ‘ஒரு கிராமம்’ சரி, ஆனால் ‘ஓர் அழகிய கிராமம்’. அது, அஃது என்பதும் இப்படியே.

பலர் கவனிக்காத இன்னொரு துப்பு, கோட்டுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்று. ‘ஐ’, ‘கு’ உருபுகள் வெளிப்படையாக வந்தால், அடுத்து வல்லினத்தில் தொடங்கும் சொல் வரும்போது அந்த ஒற்று மிகும். ஆகவே ‘அவர் புத்தகத்தைப் ______’ என்று அச்சிட்டிருந்தால், கோட்டில் வருவது ‘ப’ வரிசையில் தொடங்கும் சொல். ஆப்ஷன்கள் வாங்கினார், திருப்பினார், படித்தார் என்றால் ‘படித்தார்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். மேலே ‘விடைத்தாள்களைத் ______’ என்று நான் எழுதியதில் இந்தத் துப்பு பயன்படாது. இரண்டு ஆப்ஷன்களும் ‘தி’ என்றே தொடங்குகின்றன. அப்புறம் ஒரு விஷயம், ஒற்று இருந்தால் அது சாட்சி. இல்லாவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விடை வெளிப்பட்டுவிடும் என்று பல ஆசிரியர்கள் வேண்டுமென்றே ஒற்றை விட்டுவிடுவார்கள், சில தாள்களில் பிழையாகவும் விட்டுப்போயிருக்கும்.

ஐந்தாம் படி: எழுவாய் எது?

அன்று, அல்ல, அல்லர், இல்லை. இந்த நான்கும் ஒன்றாக வரும் கேள்வி போட்டித் தேர்வுக்காரர்களுக்குப் பழகியது, புதியவர்களுக்குப் பெரிய தொல்லை. பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே சொல்லிவிடுகிறோம் என்பதுதான் காரணம்.

முதலில் ‘இல்லை’யைப் பிரித்துவிடுங்கள். ஒன்று இருக்கிறதா, இல்லையா என்ற கேள்விக்கு அது பதில்: வீட்டில் பால் இல்லை. ஒன்று இன்னதுதானா என்ற கேள்விக்கு மற்றவை: இது பால் அன்று. வாக்கியத்தோடு ‘வேறு ஏதோ’ என்று சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘இது பால் அன்று, வேறு ஏதோ’ என்று சொல்ல முடிகிறது. ‘வீட்டில் பால் இல்லை, வேறு ஏதோ’ என்பது ஒட்டவில்லை.

பிறகு எழுவாய். அஃறிணை ஒருமைக்கு அன்று, அஃறிணைப் பன்மைக்கு அல்ல. உயர்திணையில் ஆணுக்கு அல்லன், பெண்ணுக்கு அல்லள், பலருக்கும் மரியாதைக்கும் அல்லர். தன்மையில் நான் அல்லேன். இது எளிதுதான். சிக்கல், எழுவாயைத் தப்பாகப் பிடிப்பதில் வருகிறது. ‘இந்தப் பழங்களின் சுவை எனக்குப் பழக்கமானது ______.’ ‘பழங்கள்’ என்ற பன்மை கண்ணில் படுவதால் ‘அல்ல’ என்று எழுதிவிடுவார்கள். பழக்கமானது எது? சுவை. சுவை ஒருமை, எனவே ‘அன்று’. ‘இன்’ ஒட்டிய பெயர் எழுவாயாக இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றாட எழுத்தில் ஒருமைக்கும் ‘அல்ல’ என்று எழுதுவது பரவலாக நிலைத்துவிட்டது. இந்தக் கட்டுரையின் முதல் படியிலேயே ‘விளையாட்டுக்கு அல்ல’ என்று நானும் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தேர்வுத்தாளில் மட்டும் பழைய கணக்கே செல்லும்.

ஒரு பத்தியை முழுக்கச் செய்து பார்ப்போம்

பாட்டி (1)______ சாவியைக் கொடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார். திரும்பி வர (2)______ மணி நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. வீட்டுப் பக்கம் (3)______ வந்தால் விசாரிக்கச் சொல்லியிருந்தார். வெகுநேரம் (4)______ வரவில்லை. மழை (5)______ அவன் உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஆப்ஷன்கள்: (1) பேரனுக்கு, பேரனிடம், பேரனோடு. (2) எத்தனை, எவ்வளவு. (3), (4) யாரும், யாரோ, யாராவது. (5) பெய்தால், பெய்ததால், பெய்தும்.

ஒன்றாவது கோட்டில் வினை ‘கொடுத்து’. ‘ஓடு’ உடனே விழுந்துவிடுகிறது. மீதி இரண்டில், சாவி பேரனுக்குச் சொந்தமாகிறதா? ‘வீட்டைப் பார்த்துக்கொள்ள’ என்ற சொற்கள் இல்லை என்கின்றன; பொறுப்பு மட்டும்தான் கைமாறியிருக்கிறது. ஆகவே ‘பேரனிடம்’. இங்கே ‘பேரனுக்கு’ என்று எழுதியவரை நான் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பத்தியில் துப்பு இருக்கும்போது அதை விடக் கூடாது.

இரண்டாவதில் வினைக்குப் போக வேண்டியதில்லை. எண்ணக்கூடியதற்கு ‘எத்தனை’, அளக்கக்கூடியதற்கு ‘எவ்வளவு’. நேரம் அளக்கப்படுவது என்று ‘எவ்வளவு’க்குத் தாவிவிடாதீர்கள். கோட்டை ஒட்டி ‘மணி’ என்ற அலகு நிற்கிறது, மணி எண்ணப்படுவது. ‘எத்தனை மணி நேரம்’. அந்த ‘மணி’ இல்லாவிட்டால் ‘எவ்வளவு நேரம்’.

மூன்றாவதில் ‘வந்தால்’, எனவே ‘யாராவது’. நான்காவதில் ‘வரவில்லை’, எனவே ‘யாரும்’.

ஐந்தாவதுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். கடைசி வினை ‘உட்கார்ந்திருந்தான்’, இறந்தகாலம். ‘பெய்தால்’ போய்விட்டது. மற்ற இரண்டும் இறந்தகாலத்தோடு வரும். ‘மழை பெய்ததால் வாசலில் உட்கார்ந்திருந்தான்’ என்பதும் ஒரு வாக்கியம்தான். ஆனால் நடுவில் ‘உள்ளே போகாமல்’ என்று இருக்கிறது. மழை வந்தால் உள்ளே போவார்கள் என்பது எதிர்பார்ப்பு, அவன் போகவில்லை. ‘வாசலிலேயே’ என்பதில் உள்ள ‘ஏ’யும் அதைத்தான் அழுத்துகிறது. விடை ‘பெய்தும்’.

இதற்கெல்லாம் நேரம் இருக்குமா என்று கேட்கலாம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், அதில் 100 தமிழ்ப் பகுதி. இருப்பது மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. வீட்டில் பழகும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் விடையோடு, அதை முடிவு செய்த சொல்லின் அடியிலும் ஒரு கோடு போடுங்கள். விடை சரியாக இருந்து அடிக்கோடு தப்பான சொல்லில் இருந்தால், அது குருட்டாம்போக்கில் கிடைத்த விடை. பழகிவிட்டால் கண் நேரே அந்தச் சொல்லுக்குப் போகும், மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.

அப்படியும் இரண்டு மிஞ்சினால்

முதலில் பயிற்சியின் தலைப்பைப் பாருங்கள். வேற்றுமைப் பாடத்தின் கடைசியில் வரும் பயிற்சி என்றால் உருபுதான் சோதிக்கப்படுகிறது. காலத்தைப் பற்றி மண்டையை உடைக்க வேண்டாம். அடுத்து, இரண்டில் ஒன்று பேச்சுவழக்கு, மற்றது எழுத்துவழக்கு என்றால் எழுத்துவழக்கை எடுங்கள். அதுவும் இல்லையென்றால், வாக்கியத்தில் சொல்லாத ஒரு கதையைக் கற்பனை செய்தால்தான் பொருந்துகிற ஆப்ஷனைக் கழித்துவிடுங்கள். ‘அப்பா ______ பணம் கொடுத்தார்’ என்று மொட்டையாக இருந்தால், ‘என்னிடம்’ என்பதற்கு ‘வேறு யாருக்கோ சேர்க்க’ என்று நாமே ஒரு கதை சேர்க்க வேண்டியிருக்கிறது. ‘எனக்கு’ என்பதற்கு எதுவும் சேர்க்க வேண்டாம்.

வகுப்பில் எழுதும் பயிற்சி என்றால் இன்னொரு வழியும் உண்டு. இரண்டு விடைகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அது எந்தப் பொருளில் சரி என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்து ஆசிரியரிடம் காட்டுங்கள். ‘இது ஏன் தப்பு’ என்று கேட்டால் பல ஆசிரியர்கள் விடைக்குறிப்பைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். ‘இந்தப் பொருளில் இது சரிதானே’ என்று கேட்டால் வாக்கியத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.